தொலைந்தது ரசீதுதான், பணம் அல்ல

டிமாண்ட் டிராஃப்ட் தொலைந்தாலும் சரி, டெபாசிட் ரசீது தொலைந்தாலும் சரி, வங்கியில் நம் முன்னால் நீட்டப்படுவது ஒரே தாள்தான். இண்டெம்னிட்டி லெட்டர் என்பார்கள். தமிழில் ஈட்டுறுதிக் கடிதம் எனலாம். 'இதனால் உங்களுக்கு நட்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன்' என்று வங்கிக்கு நாம் எழுதிக் கொடுப்பது. டிராஃப்டுக்கு அதைக் கேட்பது நியாயம். டெபாசிட் ரசீதுக்கும் அதே தாளை, அதே வாசகங்களோடு, இரண்டு ஜாமீன்தாரர்களையும் சேர்த்துக் கேட்பது அநியாயம். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தவறு என்று தோன்றினால் கீழே வந்து எழுதுங்கள்.

முதலில் டிராஃப்ட். டிராஃப்ட் என்பது நம் பணத்தை வாங்கிக்கொண்டு வங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்கு. நாம் எழுதிய காசோலை என்றால் 'பணம் கொடுக்காதே' என்று வங்கிக்கு எழுதி நிறுத்திவிடலாம். டிராஃப்டை அப்படி நிறுத்த முடியாது, ஏனென்றால் அது நம் வாக்கு அல்ல, வங்கியின் வாக்கு. நாம் தொலைந்துவிட்டது என்று சொல்லும் டிராஃப்ட் உண்மையில் பெறுநர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். நமக்கு நகல் டிராஃப்ட் கொடுத்த மறுநாள் அசல் வந்து நின்றால் வங்கி இரண்டு முறை பணம் கொடுக்க நேரும். ஆகவே 'அசல் கிடைத்தால் பணமாக்காமல் திருப்பித் தருகிறேன், அதன் பேரில் யாராவது உரிமை கோரி உங்களுக்கு இழப்பு வந்தால் நான் பொறுப்பு' என்று வங்கி எழுதி வாங்குவதில் பிழை இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே 45-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உண்டியல் தொலைந்தால், கேட்கும் பிணையைக் கொடுத்து அதே போன்ற இன்னொன்றை எழுதி வாங்கும் உரிமை அதை வைத்திருந்தவருக்கு உண்டு என்கிறது. 1885-ல் சேர்த்த பிரிவு. அதற்கும் முன்பே வடக்கே சராஃபுகளிடம் தொலைந்த உண்டிக்கு 'பேத்' என்று இரண்டாம் உண்டி எழுதித் தரும் வழக்கம் இருந்தது.

டிராஃப்ட் விஷயத்தில் ரிசர்வ் வங்கியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவை பற்றிய 2015 ஜூலை 1 தேதியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையைப் பாருங்கள். 5,000 ரூபாய் வரையிலான டிராஃப்டுக்கு, பணம் கொடுக்க வேண்டிய கிளையிலிருந்து 'இன்னும் பணம் போகவில்லை' என்ற தகவல் வரும்வரை காத்திருக்காமல், போதுமான ஈட்டுறுதியின் பேரில் நகல் கொடுக்கலாம். வாங்கியவரோ பெறுநரோ விண்ணப்பித்தால் இரண்டு வாரத்துக்குள் நகல் தர வேண்டும். தாமதமானால் அந்தக் காலத்துக்குரிய டெபாசிட் வட்டியை வங்கி நமக்குத் தர வேண்டும். டிராஃப்ட் தொலைத்துவிட்டு மாதக்கணக்கில் கவுண்டருக்கு நடக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டி என்ற சொல்லை எடுத்தவுடன் கோப்பு நகர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது டெபாசிட் ரசீதுக்கு வருவோம்.

டெபாசிட் ரசீது டிராஃப்ட் போல ஒரு வாக்கு அல்ல. அது ஒரு சாட்சி. 'இன்னார் இவ்வளவு பணம் போட்டிருக்கிறார், இந்தத் தேதியில் முதிர்வு, இந்த வட்டி' என்பதற்கு வங்கி எழுதிக் கொடுத்த சான்று, அவ்வளவுதான். கைமாற்றத்தக்கதல்ல என்று பல ரசீதுகளில் அச்சடித்தே இருக்கும். பணம் இருப்பது வங்கிக் கணக்கில், அந்தக் காகிதத்தில் இல்லை. பள்ளிச் சான்றிதழ் தொலைந்தால் படித்த படிப்பு போய்விடுமா?

தெருவில் கிடந்த ரசீதை ஒருவன் எடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வான்? வங்கிக்குப் போய் நீட்டினால் பணம் கிடைக்குமா? வட்டியோடு சேர்த்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள டெபாசிட்டை ரொக்கமாகத் திருப்பித் தரவே கூடாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 269-டி பிரிவாக நாம் அறிந்த விதி இது. டெபாசிட் போட்டவர் பெயரிலேயே அக்கவுண்ட் பேயீ காசோலையாகவோ டிராஃப்டாகவோ தர வேண்டும், இல்லையென்றால் அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆக ரசீதை எடுத்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பணம் கடைசியில் உரியவரின் கணக்குக்குத்தான் போகும். ஆள்மாறாட்டம் செய்து புதுக் கணக்கே திறந்து வாங்கிவிட்டான் என்றால் அது அடையாளம் சரிபார்க்காத வங்கியின் குற்றம். வங்கியின் குற்றத்துக்கு நான் ஏன் ஈட்டுறுதி எழுத வேண்டும்?

வங்கி நண்பர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். 'சார், ரசீதை அவர் வேறு யாரிடமாவது ஈடாகக் கொடுத்திருந்தால்?' கேள்வி சரியானதுதான். ஒப்பந்தக்காரர்கள் அரசு அலுவலகத்தில் வைப்புரசீதை முன்பிணையாகக் கொடுப்பது உண்டு. ஆனால் அப்படிக் கொடுத்தால் அந்த அலுவலகத்தின் பெயரில் பிணைப்பு வங்கியின் கணக்கிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கணினியைத் தட்டினால் தெரியும். வங்கிக்குத் தெரியாமல் தனியாரிடம் எழுதிக் கொடுத்திருந்தால்? அதற்கும் சொத்து மாற்றுச் சட்டம் 130-ஆம் பிரிவு விடை சொல்லியிருக்கிறது. கடனை இன்னொருவருக்கு மாற்றி எழுதியிருந்தாலும், கடனாளிக்கு அந்த அறிவிப்பு வந்து சேராதவரை, அவர் பழைய உரிமையாளரிடம் நல்லபடியாகக் கணக்குத் தீர்த்தால் அது செல்லும். இங்கே கடனாளி யார்? வங்கி. நம் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே. அறிவிப்பு வராதவரை சட்டமே வங்கியைக் காப்பாற்றுகிறது. அதற்கு மேல் இரண்டு ஜாமீன்தாரர்கள் எதற்கு?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே வங்கியில் கைப்பேசியில் ஒரு டெபாசிட் போடுங்கள். காகிதமே வராது. முதிர்வன்று பணம் தானாகக் கணக்கில் விழும். ரசீதே இல்லாத டெபாசிட்டுக்கு ஜாமீன் வேண்டாம், ரசீது இருந்து தொலைந்த டெபாசிட்டுக்கு ஜாமீன் வேண்டும். இது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. டெபாசிட்தாரர் இறந்துபோய் நாமினி வந்து நின்றால் தொகை எவ்வளவாக இருந்தாலும் ஈட்டுறுதிப் பத்திரமோ ஜாமீனோ கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூன் 9-ஆம் தேதியே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இறந்தவரின் பணத்துக்கு ஜாமீன் வேண்டாம். ஆனால் உயிரோடு, ஆதாரும் பாஸ்புத்தகமும் கையுமாக, அதே கிளையில் முப்பது வருடம் கணக்கு வைத்திருக்கும் மனுஷி நேரில் வந்து நின்றால் ஜாமீன் வேண்டுமாம்.

அப்படி ஒரு மனுஷியால்தான் இந்தப் பதிவு. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர், வயது எழுபதுக்கு மேல். வங்கி எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒன்றரை லட்ச ரூபாய் டெபாசிட். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவை ஒழித்து வைத்ததில் ரசீது எங்கோ போய்விட்டது. முதிர்வுத் தேதியும் தாண்டிவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் அவர் டிக் போட்டிருக்கவில்லை. இரண்டாவது கண்ணுக்கு அறுவை செய்யப் பணம் வேண்டும். வங்கியில் ஒரு தாளைக் கொடுத்து, வருமானமுள்ள இருவரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பென்ஷன்காரர் என்று என்னைத் தேடி வந்தார்.

"வாத்தியார் தம்பி, ஒரே ஒரு கையெழுத்துதானாம். போட்டுக் குடுங்க."

"ஆச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு அங்க யாராவது சொன்னாங்களா?"

"பணத்தை வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்குமாம்."

எழுதியிருந்தது அது அல்ல. முழுக்க ஆங்கிலம். நான் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். தமிழில் சொன்னால் சாரம் இதுதான்: நகல் ரசீது வழங்குவதை முன்னிட்டு, நானும் என் ஜாமீன்தாரர்களும், எங்கள் வாரிசுகளும், கூட்டாகவும் தனித்தனியாகவும், எக்காலத்திலும், எவர் கோரும் எவ்விதக் கோரிக்கையாலும் வங்கிக்கு நேரும் எல்லா இழப்புகள், செலவுகள், வழக்குச் செலவுகள் அனைத்தையும் ஈடு செய்வோம், அந்தத் தொகை எவ்வளவு என்று வங்கி சொல்வதே முடிவானது.

இந்த வாசகத்தில் மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றால் வங்கி ஆச்சியிடம் கேட்காமலே நேராக என்னிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். பாதிப் பாதி என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்தது, உச்சவரம்பும் இல்லை, காலவரம்பும் இல்லை. ஒன்றரை லட்சம் டெபாசிட்டுக்கு எழுதிய உறுதி எத்தனை லட்சத்துக்கும் நீளும், என் பேரப்பிள்ளை காலம்வரை போகும். மூன்றாவதுதான் மோசம். 'வங்கி சொல்வதே முடிவானது.' 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, ஈட்டுறுதி வாங்கியவர் வழக்குச் செலவைக் கேட்க வேண்டுமானால், உறுதி எழுதியவரின் சொல்லை மீறாமலும், அந்த உறுதி இல்லாதிருந்தால் எவ்வளவு நிதானமாக நடந்திருப்பாரோ அவ்வளவு நிதானத்தோடும் நடந்திருக்க வேண்டும் என்கிறது. சட்டம் நமக்குக் கொடுத்த அந்தச் சின்னக் குடையையும் இந்த வாசகம் பிடுங்கிக்கொள்கிறது.

ஆங்கிலம் என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. சாதாரண வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே சுற்றறிக்கை சொல்கிறது. பணம் கட்டும் சலானில் தமிழ் இருக்கிறது. பேரன்வரை கட்டிப்போடும் தாளில் மட்டும் தமிழ் இல்லை.

மறுநாள் ஆச்சியோடு நானும் போனேன். துணை மேலாளர் சின்னப் பெண், மரியாதையான பிள்ளை. "சார், எங்களுக்கு வந்த ஃபார்மேட் இதுதான் சார். எல்லாருக்கும் இதுதான் கொடுக்கிறோம்" என்றார். "டிராஃப்ட் தொலைந்தாலும் இதுதானா அம்மா?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தால் மேலே 'டிராஃப்ட் / டெபாசிட் ரசீது' என்று சாய்கோடு போட்டு, பொருந்தாததை அடித்துவிடச் சொல்லியிருந்தது. இரண்டுக்கும் ஒரே தாள் வந்த கதை இவ்வளவுதான். யாரோ ஒருவர் எப்போதோ அச்சுச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்.

நான் சண்டை போடவில்லை. ஜாமீன் கட்டாயம் என்பது எந்தச் சுற்றறிக்கை என்று எழுதித் தரும்படி மட்டும் கேட்டேன். எழுதித் தரவில்லை. தமிழில் ஒரு கடிதம் எழுதி, ஆச்சி கையெழுத்திட்டு, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தோம். இரண்டு முறை அழைத்தார்கள், இரண்டு முறையும் போனோம். பதினோராம் நாள் பணம் ஆச்சியின் சேமிப்புக் கணக்கில் ஏறியது. ஜாமீன்தாரர் இல்லை, நோட்டரி இல்லை.

பதினோரு நாள் பெரிதா என்று கேட்பீர்கள். முதிர்ந்தும் வாங்காமல் கிடக்கும் டெபாசிட்டுக்கு, சேமிப்புக் கணக்கு வட்டி, முன்பு ஒப்புக்கொண்ட டெபாசிட் வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2021 ஜூலையில் வந்த விதி. சேமிப்புக்கு 3 சதவீதம், டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்று கொண்டால், ஒன்றரை லட்சத்துக்கு நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் போகிறது. ஜாமீன்தாரர் தேடி மூன்று மாதம் அலைகிறவர் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இழக்கிறார். அலைந்து வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போகும். அப்போதும் உரிமை போகாது, வங்கி மூலமாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒரு காகிதத்துக்காக அங்கே வரை போக வேண்டுமா?

நாங்கள் கொடுத்த கடிதத்தின் வாசகத்தைக் கேட்ட நண்பர்களுக்காக இதோ. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"தங்கள் கிளையில் என் பெயரில் உள்ள ........ எண் வைப்புத்தொகைக்கு, ........ தேதியில் தாங்கள் வழங்கிய ரூ. ........ க்கான ரசீது என் கைவசமிருந்து தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அந்த ரசீதை நான் யாருக்கும் அடமானமாகவோ பிணையாகவோ மாற்றியோ கொடுக்கவில்லை. அதன் பின்புறத்தில் கையொப்பம் இடவில்லை. முதிர்வுத் தொகையை என் ........ எண் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அசல் ரசீது பின்னர் கிடைத்தால் தங்களிடம் ஒப்படைப்பேன். மேலே நான் கூறியவற்றில் ஏதேனும் உண்மையல்லாததாக இருந்து, அதனால் வங்கிக்கு நேரடி இழப்பு ஏற்பட்டால், மேற்படி வைப்புத்தொகையும் அதன் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மிகாமல் அதை ஈடு செய்ய உறுதியளிக்கிறேன்."

முதிர்வுக்கு முன்பே தொலைந்திருந்தால் 'முதிர்வுத் தொகையை' என்று தொடங்கும் வரிக்குப் பதிலாக 'நகல் ரசீது வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள். கூட்டு டெபாசிட் என்றால் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஈட்டுறுதி வாசகம் இருப்பதால் முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொன்னால் அது நியாயமான கேள்வி, மறுக்காதீர்கள். 'பின்புறத்தில் கையொப்பம் இடவில்லை' என்பது உண்மையானால் மட்டும் எழுதுங்கள். வசதிக்காக ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்தும் போட்டு பீரோவில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படிப்பட்ட ரசீது தொலைந்தால் அன்றைக்கே வங்கியில் சொல்லி, கணக்கில் குறித்து வைக்கச் செய்யுங்கள். ரசீதை உண்மையிலேயே எங்காவது பிணையாக வைத்திருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு உதவாது. அந்த இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

டிராஃப்டுக்கு எழுதும்போது இதே அளவுக்குச் சுருக்க முயலாதீர்கள். அங்கே வங்கிக்கு உள்ள ஆபத்து நிஜம். டிராஃப்ட் எண், தேதி, தொகை, யார் பெயரில், எந்த ஊரில் செல்லத்தக்கது, யாருக்கும் மேலொப்பமிட்டுத் தரவில்லை, கிடைத்தால் பணமாக்காமல் திருப்பித் தருகிறேன், அதன் பேரில் வரும் கோரிக்கைகளுக்கு நான் பொறுப்பு என்று முழுமையாக எழுதுங்கள். அங்கும் 'டிராஃப்ட் தொகையும் நியாயமான செலவும் மட்டும்' என்று ஒரு வரம்பு சேர்க்கக் கேட்கலாம். சில மேலாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

டெபாசிட் விஷயத்தில் ஜாமீன் இல்லாமல் முடியவே முடியாது என்றால், மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முத்திரை வாங்கிய அந்தக் கடித நகலும், ஜாமீன் கேட்டு அவர்கள் கொடுத்த தாளும் கையில் இருக்கட்டும். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு படம் எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சிக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது. ஆங்கிலத் தாளில் எனக்காக விட்டிருந்த ஜாமீன்தாரர் கட்டம் இன்னும் காலியாக என் மேசையில் கிடக்கிறது. வங்கியில் இருக்கும் மாணவர்கள் யாராவது அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு இரண்டு தனித்தனிப் படிவங்களைத் தமிழிலும் அச்சடிக்க மேலிடத்துக்கு எழுதுவதாக இருந்தால், சொல்லுங்கள், வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.